மாவுக்கட்டுக்குள் செத்த கை: வழக்குக்குப் போகிறவர்கள் கவனிக்க

நான் தையல்காரன். வண்டியில் சறுக்கி விழுந்து வலது முன்கை எலும்பு முறிந்தது. எங்கள் ஊர்த் தனியார் மருத்துவமனையில் மாலை ஆறு மணிக்கு மாவுக்கட்டுப் போட்டு, இரவு அங்கேயே தங்கச் சொன்னார்கள். ஒன்பது மணிக்கே விரல்கள் ஊதி மரத்துவிட்டன. யாராவது விரலை நீட்டிவிட்டால் உயிர் போகிற வலி. மூன்று முறை செவிலியரை அழைத்தோம், மூன்று முறையும் ஊசிதான். காலை எட்டரைக்கு மருத்துவர் வந்து கட்டைப் பிளந்தபோது உள்ளே தசை செத்திருந்தது. இன்று அந்தக் கையால் ஊசியில் நூல் கோக்க முடியாது.

கையைக் காட்டினால் போதும் என்று நினைத்துத்தான் வக்கீலிடம் போனேன். "கை போனது தெரிகிறது. அவர்கள் தவறால் போனது என்பதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்றார்.

என்னிடம் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டுமே இருந்தது. கேஸ் ஷீட்டை வாயால் கேட்டுக் கேட்டு ஐந்து மாதம் அலைந்தேன். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டே ஆண்டுதான் கெடு என்பது அப்போது தெரியாது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு விதி. அதைச் சுட்டிப் பதிவுத் தபால் அனுப்பிய பிறகே கொடுத்தார்கள்.

செவிலியர் குறிப்பில் இரவு முழுக்க "நோயாளி நலம், விரல் அசைவு நன்று" என்றே இருந்தது. ஆனால் மருந்துப் பட்டியலை மாற்ற மறந்துவிட்டார்கள் போலும்: 9.15, 12.10, 2.40 என்று மூன்று வலி ஊசிகள். நலமாக இருந்தவனுக்கு எதற்கு ஊசி? அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. சாதாரணத் திறமையுள்ள எந்த எலும்பு மருத்துவரும் அந்த வலியைக் கேட்டால் முதலில் கட்டைத் தளர்த்திப் பார்ப்பார். அதைச் செய்யாததுதான் அலட்சியம் என்பது நிலைத்தது.

பிறகு அடுத்த சுவர். கட்டே போடாவிட்டாலும் எலும்பு முறிவாலேயே தசைக்குள் அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் தடைபட்டுத் தசை சாகலாம் என்று வாதிட்டார்கள். மருத்துவ ரீதியில் அது பொய்யும் அல்ல. ஆகவே தவறு நடந்தது என்று காட்டினால் போதாது, அந்தத் தவறால்தான் கை போனது என்றும் நான் நிரூபிக்க வேண்டியிருந்தது. எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொல்லியிருக்கிறது. வலது காலுக்குப் பதில் இடது காலை அறுத்திருந்தால் அது பொருந்தும், எனக்குப் பொருந்தவில்லை. இரண்டு மருத்துவர்கள் எழுத மறுத்தார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர்தான், ஒன்பது மணிக்கே கட்டைப் பிளந்து கவனித்திருந்தால் தசை பெரும்பாலும் பிழைத்திருக்கும் என்று எழுதிக் கொடுத்தார். வழக்கு அந்த ஒரு வரியில் நின்றது.

சிகிச்சைச் செலவு ரசீதுப்படி முழுதாகக் கிடைத்தது. வருமான இழப்புக்கு நான் கேட்டதில் கால் பங்குகூட வரவில்லை. இருபது ஆண்டு தைத்தும் கணக்கு நோட்டு வைத்ததில்லை. வாடிக்கையாளர் பெயரும் அளவும் எழுதிய துண்டுச் சீட்டுகளைத் துணியோடு சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.