ஒரு கூட்டாளி போட்ட கையெழுத்து: பார்ட்னர்ஷிப்பில் எவ்வளவு தூரம் போகும், எல்.எல்.பி.யில் எங்கே நிற்கும்?

திருப்பூரில் மூன்று பேர் சம பங்கில் பின்னலாடை நிறுவனம் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஐந்து லட்சத்துக்கு மேல் சரக்கு வாங்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று பத்திரத்தில் இருக்கிறது. அதில் ஒருவர், மற்ற இருவருக்கும் சொல்லாமல், நிறுவன லெட்டர்பேடில் ஒரு நூல் மில்காரருக்கு 40 லட்சத்துக்கு நூல் ஆர்டர் கொடுக்கிறார். சரக்கு வந்து இறங்கிய பிறகு நூல் விலை சரிகிறது. எல்லாவற்றையும் விற்றாலும் நிறுவனத்தில் 16 லட்சம்தான் தேறும்.

சாதாரண பார்ட்னர்ஷிப் என்றால், 1932-ம் ஆண்டு சட்டப்படி ஒவ்வொரு கூட்டாளியும் நிறுவனத்தின் ஏஜென்ட். பின்னலாடை நிறுவனம் நூல் வாங்குவது வழக்கமான வேலைதான். ஆகவே அந்த ஆர்டர் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ‘இரண்டு கையெழுத்து’ நிபந்தனை மில்காரருக்கு முன்பே தெரிந்திருந்தால் மட்டுமே உங்களைக் காப்பாற்றும். பலர் ஏமாறும் இடம் இதுதான். பத்திரம் பீரோவில் இருந்தால் மில்காரருக்கு எப்படித் தெரியும்? வழக்கமாகச் சரக்கு தருபவர்களுக்கு அதை எழுத்தில் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். அதே ஆள் நிறுவனத்தின் பேரில் நிலம் வாங்கியிருந்தால் கதை வேறு. தனியாக அதிகாரம் தரப்படாமலும், அப்படியொரு தொழில் வழக்கம் இல்லாமலும் இருந்தால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது.

சரி, மீதி 24 லட்சம்? அதை மூவரிடமும் எட்டெட்டாகத்தான் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் மில்காரருக்கு இல்லை. சொந்த வீடு உள்ள ஒருவரிடமே முழுவதையும் கேட்கலாம். அதனால் வழக்கில் உங்கள் பெயருக்குத் தனியாகச் சம்மன் வந்தால் அலட்சியமாக இருக்கவே கூடாது. ஆஜராகாவிட்டாலும், நிறுவனத்தின் மீதான தீர்ப்பை உங்கள் சொத்தின் மேல் நிறைவேற்ற அது வழி திறந்துவிடும். முழுவதையும் கட்டியவர் மற்ற இருவரிடமும் எட்டெட்டு லட்சம் கேட்கலாம். கையெழுத்துப் போட்டவர் மோசடி செய்திருந்தால் அந்த நஷ்டம் முழுக்க அவர் தலையில். வெறும் தப்புக் கணக்கு என்றால் மூவரும்தான் சுமக்க வேண்டும்.

எல்.எல்.பி. என்பது கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்பு வைக்கும் கூட்டு நிறுவனம். அதில், 2008-ம் ஆண்டு சட்டப்படி கூட்டாளி எல்.எல்.பி.க்கு ஏஜென்ட், மற்ற கூட்டாளிகளுக்கு அல்ல. உள் நிபந்தனை தெரியாத மில்காரரின் பில் இங்கேயும் செல்லும், ஆனால் 16 லட்சத்தோடு நின்றுவிடும். வீட்டைத் தொட முடியாது. மோசடி செய்தவர் மட்டும் சொந்தச் சொத்தோடு மாட்டுவார்.

தினமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து தொழில் பார்க்காத கூட்டாளிகளுக்கு எல்.எல்.பி.தான் சரி என்பேன், வருடாந்தரக் கணக்குத் தாக்கல் செலவு கூடினாலும். ஒரு ஓட்டை மட்டும் உண்டு. வங்கி கேட்கும் தனிப்பட்ட ஜாமீன். அதில் ‘இனி வரும் கடன்களுக்கும்’ என்று இருந்தால், பிறகு ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் எடுக்கும் கடனும் உங்கள் வீட்டு வாசலுக்கு வரலாம். அப்படிப்பட்ட ஜாமீனை வருங்காலக் கடன்களுக்கு மட்டும் வங்கிக்கு நோட்டீஸ் கொடுத்து ரத்து செய்யலாம்; ஆனால் அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகப் படிவத்தில் வரி இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.