முடியாது என்பதை எழுதுவதா, பேசுவதா?

நெருங்கிய நண்பர் ஒருவர், தன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட முடியுமா என்று மெசேஜில் கேட்டிருக்கிறார். போடுவதில்லை என்று நீங்கள் முடிவெடுத்துவிட்டீர்கள். அதை எப்படிச் சொல்வது?

மெசேஜ்தான் நமக்குச் சுலபம். ஆனால் தயங்கித் தயங்கி நாம் எழுதிய "மன்னிச்சிரு, இப்ப முடியாது" அவருக்கு வெடுக்கென்று சொன்ன மாதிரி இருக்கலாம். எழுத்தில் நம் தொனி போய்ச் சேர்ந்துவிடும் என்று தேவைக்கு மேல் நம்புகிறோம். மின்னஞ்சலை வைத்து உளவியல் ஆய்வாளர்கள் க்ரூகரும் எப்லியும் மற்றவர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. எழுதுபவருக்குத் தன் குரல் உள்ளே கேட்டுக்கொண்டே இருக்கிறது, படிப்பவருக்குக் கேட்பதில்லை. போதாததற்கு அந்த "இப்ப". அடுத்த மாதம் கேட்டால் போடுவீர்கள் என்று அவர் எடுத்துக்கொள்வார்.

அப்படியானால் போனா? குரலில் கனிவு தெரியும், சரி. ஆனால் ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டு அதே நொடியில் "பரவாயில்லப்பா" என்று அவர் சொல்லியாக வேண்டும். நம் மனபாரத்தை இறக்கிவைக்க அவரை நடிக்க வைக்கிறோம். அதனால் முடியாது என்பதற்குப் பிறகும் பேச ஏதாவது இருந்தால்தான் போன் நல்லது: ஜாமீன் இல்லாமல் சின்னத் தொகையாகக் கடன் கிடைக்குமா என்று சேர்ந்து விசாரிக்கலாம், கைமாற்றாகக் கொஞ்சம் தரலாம் என்பது போல. இதிலும் ஒரு ஆபத்து உண்டு. எதிர்முனை மௌனமானதும் பலர் "பார்க்கலாம்" என்று நழுவிவிடுவார்கள். முடிவில் அவர் "அப்போ எப்போ வர?" என்று கேட்டால், நீங்கள் இன்னும் மறுக்கவே இல்லை.

முடிவு உறுதி, தருவதற்கு வேறொன்றும் இல்லை என்றால் என் ஓட்டு வாய்ஸ் நோட்டுக்கு. குரலும் போகிறது, உடனே பதில் சொல்லும் கட்டாயமும் அவருக்கு இல்லை. பேசும் முறைதான் முக்கியம். முதல் பத்து நொடிக்குள் "கையெழுத்துப் போட முடியாதுடா" வந்துவிட வேண்டும். அப்புறம் ஒரே ஒரு காரணம். மூன்று காரணம் சொன்னால் மூன்றுக்கும் அவர் தீர்வு தேடுவார். ஒரு நிமிடத்துக்குள் முடித்து, அனுப்புமுன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கூடவே ஒரு வரி எழுதுங்கள்: "ஜாமீன் விஷயம், முடியாதுன்னுதான் சொல்லியிருக்கேன். தனியா இருக்கும்போது கேளு." இல்லாவிட்டால் அவர் அதை நாலு பேர் நடுவில் ஸ்பீக்கரில் போட்டுவிடலாம், அல்லது நல்ல சேதி என்று ஆசையோடு திறக்கலாம். வாட்ஸ்அப்பில் மைக் குறி நீலமானால் கேட்டுவிட்டார் என்று அர்த்தம். உடனே "கேட்டியா?" என்று துரத்தாதீர்கள்.

அதிகம் பழகாதவர் கேட்டிருந்தால் எழுத்தே போதும். அவருக்குக் குரல் கூடுதல் சங்கடம்தான். ஒவ்வொரு மறுப்பையும் பேரமாக்குகிறவருக்கும் அப்படியே. அவரிடம் போனில் பேசப் போனால் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் திரும்புவீர்கள்.