மோக்கா: கோகோ பொடியா, டார்க் சாக்லேட்டா?

கொடைக்கானல் குளிரில் மோக்கா, அதாவது சாக்லேட் சுவை சேர்த்த பால் காப்பி, போட இரண்டு வழி. ஒன்று, இனிப்பில்லாத கோகோ பொடி. இன்னொன்று, 60 சதவீத டார்க் சாக்லேட். இரண்டுக்கும் 36 கிராம் டபுள் எஸ்பிரெஸோ வைத்துக்கொள்வோம்.

பொடி என்றால் 8 கிராம், அதே அளவு சர்க்கரை. சூடான எஸ்பிரெஸோவில் ஒரு ஸ்பூன் மட்டும் விட்டுக் குழைத்த பிறகே மீதியை ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் கட்டி தட்டும். கொழுப்பு குறைவு என்பதால் காப்பி தெளிவாகத் தெரியும். 150 மில்லி பால் தாங்கும்.

சாக்லேட் என்றால் 20 கிராம் துருவல். அதன் கோகோ வெண்ணெய் நாக்கில் படிந்து காப்பியின் புளிப்பை அமுக்கிவிடும். அதனால் பால் 120 மில்லி போதும். கோப்பையை வெந்நீரில் சூடாக்கிக்கொள்ளுங்கள், இந்த ஊர்ப் பீங்கான் சில்லென்று இருந்தால் சாக்லேட் அடியில் உறைந்துவிடும். கடைத்தெருவில் வாங்கும்போது பொருட்பட்டியலையும் பாருங்கள். தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் வகை மெழுகு மாதிரி ஒட்டும்.

விழுங்கியபின் காப்பிக் கசப்பு மிஞ்சவில்லையா? முதலில் பாலைக் குறையுங்கள், சாக்லேட்டை அப்புறம். தாண்டிக்குடிப் பக்கத்து அராபிகாவை மிதமாக வறுத்திருந்தால் எனக்குப் பொடிதான். கருக வறுத்ததற்கு மட்டும் சாக்லேட்.