காலி மனையில் வீட்டை நிறுத்துவது: தளத்தின் போட்டோவா, முழு 3டி சூழலா?

ஒத்தக்கடையைத் தாண்டி, மேலூர் சாலைக்குக் கிழக்கே ஒரு லேஅவுட் என்று வைத்துக்கொள்வோம். 5 சென்ட் மனை, முகப்பு 40 அடி, ஆழம் 54 அடி சொச்சம். கிழக்கு வாசல், முன்னால் 30 அடிச் சாலை. இப்போது அங்கே இருப்பது நான்கு எல்லைக் கற்களும் கொஞ்சம் சீமைக்கருவேலமும்தான். வடமேற்கில் யானைமலை கிடக்கிறது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வரை 24 அடி உயரம் வரும் மாடி வீடு ஒன்றைக் கட்டி முடித்ததுபோல் பிரோஷரில் காட்ட வேண்டும்.

வழி மூன்று. மனையைப் போட்டோ எடுத்து அதன்மேல் வீட்டின் 3டி மாடலைப் பொருத்தலாம். லூமியன், டுவின்மோஷன், பிளெண்டர் போன்ற 3டி மென்பொருள் ஒன்றில் மரம், சாலை, மலை எல்லாவற்றையும் சேர்த்தே உருவாக்கலாம். அல்லது வீட்டை மட்டும் செய்து, பின்னால் எச்டிஆர்ஐ எனப்படும் 360 டிகிரி வானப் படத்தை மாட்டிவிடலாம்.

மூன்றாவதை முதலில் கழித்துவிடலாம். வெளிச்சத்துக்கு எச்டிஆர்ஐ அருமையான பொருள், பின்னணிக்கு ஆகாது. காரணம் வெறும் கணக்கு. 8கே எச்டிஆர்ஐ என்பது 360 டிகிரிக்கும் சேர்த்து 8,192 பிக்சல். 24 மி.மீ. லென்ஸ் பக்கவாட்டில் பார்ப்பது சுமார் 74 டிகிரி, ஆக அதன் பங்குக்கு வருவது 1,700 பிக்சலுக்கும் குறைவு. ஏ4 தாளை அகலவாக்கில் 300 டிபிஐயில் அச்சிட 3,508 பிக்சல் வேண்டும். வீடு கத்திமுனைபோலத் தெளிவாகவும் அதன் பின்னால் உலகம் மொத்தமும் கண்ணாடி கழற்றியதுபோல மங்கலாகவும் இருக்கும் பிரோஷர்கள் இப்படித்தான் பிறக்கின்றன. போதாக்குறைக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் பல ஐரோப்பியப் புல்வெளிகள்.

மிச்சம் இரண்டு. இவற்றில் எது நம்பும்படி இருக்கும் என்பதை இந்த மனையில் தீர்மானிப்பது யானைமலைதான்.

மலை எவ்வளவு பெரிதாகத் தெரியும்?

மனையிலிருந்து 2 கி.மீ. தள்ளி, தரையிலிருந்து 100 மீட்டர் எழும் பாறை என்று கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அது ஏறத்தாழ 3 டிகிரிதான். 60 அடி தூரத்தில் நின்று பார்த்தால் 24 அடி வீட்டின் உச்சி 17 டிகிரிக்கு மேல் எழும். 24 மி.மீ. லென்ஸில் எடுத்து ஏ4 தாளில் அகலவாக்கில் அச்சிட்டால், தொடுவானத்துக்கு மேல் வீடு சுமார் 6.2 செ.மீ., மலை ஒரு செ.மீ. அதாவது வீட்டுக்குப் பின்னால் மலை எட்டிப் பார்க்காது. வீட்டின் இரண்டு பக்கமும் தாழ்ந்த பட்டையாகத்தான் கிடக்கும்.

முழு 3டியில் வேலை செய்பவர்கள் தவறுவது இங்கேதான். மலை சின்னதாகத் தெரிகிறதே என்று இழுத்துப் பெரிதாக்கி வீட்டின் தலைக்கு மேல் நிறுத்துகிறார்கள். மனை பார்க்க வருகிறவர் பிரோஷரைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பார். மதுரைக்காரருக்கு யானைமலையின் முதுகும் தும்பிக்கையும் மனப்பாடம், அந்த இடத்திலேயே பேச்சு முடிந்துவிடும்.

மலை பெரிதாகத் தெரியத்தான் வேண்டும் என்றால் நேர்மையான வழி இருக்கிறது. வீட்டிலிருந்து 200 அடி தூரத்துக்குப் பின்வாங்கி 80 மி.மீ. லென்ஸில் எடுங்கள். படத்தில் வீட்டின் அளவு மாறாது, மலை மட்டும் மூன்று மடங்குக்கு மேல் வளரும். அதே தாளில் ஒரு செ.மீ. இருந்தது சுமார் 3.3 செ.மீ. ஆகும். லேஅவுட் காலியாக இருக்கும்வரைதான் அவ்வளவு பின்னால் போக முடியும் என்பது வேறு விஷயம். இன்னும் நல்லது, மொட்டைமாடியிலிருந்து பார்ப்பதுபோல் தனியாக ஒரு படம் வைப்பது. அதில் மலையை மறைக்க வீடு குறுக்கே வராது.

மலையை 3டியிலேயே செய்வதில் இன்னொரு சிக்கல். இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் நில உயரத் தரவில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். பரந்த சரிவுகளுக்கு அது போதும். யானைமலைபோலச் செங்குத்தாக இறங்கும் மொட்டைப் பாறை அதில் வழுக்கிய மண்மேடாக மாறிவிடும். ஆகவே முழு 3டி என்று முடிவெடுத்தாலும் மலை மட்டும் போட்டோவாக இருப்பதே நல்லது.

போட்டோ வழியின் உண்மையான வேலை

3டி கேமராவைப் போட்டோ எடுத்த கேமராவோடு ஒத்துவைக்கும் கேமரா பொருத்தம் சரியாக வராமல் போவதற்குப் பெரும்பாலும் மென்பொருள் காரணமில்லை, காலி மனைதான் காரணம். fSpy மாதிரியான இலவச மென்பொருள், படத்தில் உள்ள இணைகோடுகளை வைத்துக் கேமரா நின்ற இடத்தையும் கோணத்தையும் கண்டுபிடிக்கும். வெறும் மண்ணில் அதற்குப் பிடி கிடைக்காது. அதனால் நான்கு மூலைக் கல்லிலும் 10 அடி பிவிசி குழாய் ஒன்றைத் தூக்குக்குண்டு பார்த்து நட்டு, நடுவில் 5 அடியில் சிவப்பு டேப் சுற்றி, உச்சிகளைக் கட்டிட நூலால் இணைத்துவிடுங்கள். மனையின் மேல் ஒரு பெட்டி உருவாகிவிடும். நூலின் இரண்டு திசைகளும், இணைகோடுகள் படத்தில் போய்ச் சேரும் மறைபுள்ளிகள் இரண்டைத் தரும், 40 அடி முகப்பு அளவுகோலாகும்.

முகப்புக்கு நேர் எதிரே நின்று எடுக்காதீர்கள். முகப்பு நூல் படத்தில் படுகிடையாக ஓடி, மறைபுள்ளி கிடைக்காமல் போய்விடும். தென்கிழக்கு மூலையைப் பார்த்து, சாலைக்கு எதிர்ப்புறம் நின்று வடமேற்காக எடுத்தால் கிழக்கு முகப்பும் தெற்குச் சுவரும் சேர்ந்து விழும், மலையும் அந்தத் திசையில்தான். முக்காலியில் கேமரா உயரம் 5 அடி 3 அங்குலம். செல்போன் என்றால் அல்ட்ராவைடு வேண்டாம், ஓரத்துக் குழாய்கள் வளையும். படத்தை வெட்டவும் கூடாது, ஏனென்றால் லென்ஸின் நடு படத்தின் நடுவில் இருக்கிறது என்றுதான் fSpy தொடக்கத்தில் நம்புகிறது.

நேரமும் முக்கியம். ஜனவரி நடுவில் காலை 8 மணிக்குச் சூரியன் 17 டிகிரி சொச்சத்தில்தான் இருக்கும். 10 அடிக் குழாயின் நிழல் 31 அடிக்கு மேல் நீளும், சூரியன் முதுகுப்பக்கம் இருப்பதால் படம் எடுப்பவரின் நிழலும் சட்டகத்துக்குள் வந்து படுத்துக்கொள்ளும். 9:30க்கு அதே குழாயின் நிழல் 13 அடியாகச் சுருங்கும், எடுப்பவரின் நிழலும் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிடும். முகப்பு நல்ல வெளிச்சமாகவும் தெற்குச் சுவர் ஒரு படி மங்கலாகவும் இருப்பதால் வீட்டுக்குக் கனம் கிடைக்கும். குழாயின் நிழல் நீளத்தை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

பிளெண்டரில் சூரியனை வைக்கும்போது அட்சம் 9.93, தீர்க்கம் 78.12, நேர மண்டலம் 5.5 என்று கொடுத்து, 10 அடி உருளை ஒன்றை மூலையில் நிறுத்துங்கள். அதன் உச்சி போட்டோவில் இருக்கும் குழாயின் உச்சியோடும், நிழல் அளந்த நீளத்தோடும் போட்டோவில் விழுந்த திசையோடும் ஒத்துப்போனால் கேமராவும் சூரியனும் சரி. ஒன்று மட்டும் பிசகினால் எது தப்பு என்பதும் தெரிந்துவிடும். பிறகு ரெண்டர் எஞ்சினாக Cycles வைத்து, தரைக்கு ஒரு பலகை போட்டு Shadow Catcher டிக் செய்து, Film பகுதியில் Transparent போட்டு ரெண்டர் எடுத்தால் வீடும் அதன் நிழலும் மட்டும் தனியாக வரும்.

மென்பொருள் தானாக வைக்கும் சூரியனை அப்படியே விட்டுவிடுவது நம் ஊரில் கண்ணைக் குத்தும் தவறு, அதுவும் வடக்கு வாசல் வீடுகளில். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை வடக்குச் சுவரில் வெயில் படவே படாது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைதான் உச்சிவெயிலும் வடக்கிலிருந்து வரும். தை மாதக் கோலத்தோடு வடக்கு முகப்பில் பளீர் வெயில் அடிக்கும் படம் பொய் சொல்கிறது என்பது வாஸ்து பார்ப்பவருக்குச் சட்டென்று தெரியும்.

இன்னொன்று மட்டம். போட்டோவில் இருப்பது இன்றைய தரை, அது சாலையைவிட ஒன்றரை அடி தாழ்ந்திருக்கலாம். வீட்டின் தரைமட்டமோ சாலையைவிட இரண்டரை, மூன்று அடி உயரும். மாடலை அப்படியே போட்டோவின் மண்ணில் உட்கார வைத்தால் வீடு குழிக்குள் இறங்கியதுபோலத் தெரியும். குழாய் நடும்போதே சாலைக்கும் கல்லுக்கும் உள்ள மட்ட வித்தியாசத்தை டியூப் லெவலில் பார்த்துக்கொண்டு, கொட்டப்போகும் மண்ணையும் காம்பவுண்டு அடிச்சுவரையும் மாடலில் சேர்க்க வேண்டும்.

3டி சூழல் ஜெயிக்கும் இடம்

காம்பவுண்டுக்குள்ளும் வாசல் சாலையிலும் போட்டோ உதவாது. முள்ளும் மண்ணுமாகக் கிடக்கும் இடத்தில் தார்ச்சாலையும் தோட்டமும் வர வேண்டும், அதை 3டிதான் தரும். மாலை விளக்கு வெளிச்சத்தில் ஒரு படம் வேண்டும் என்றாலும் அதுவே சுலபம். ஆனால் மென்பொருளின் 3டி மாடல் நூலகத்தில் முதலில் கைக்கு வருவது மேப்பிளும் பிர்ச்சும். வேம்பு, புங்கை, தென்னை, ஓரத்தில் ஒரு முருங்கை என்று தேடிப் பிடித்து வைக்க வேண்டும். மண்ணின் நிறத்தை அதே போட்டோவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மின்கம்பமும் தொங்கும் வயரும் மொட்டைமாடித் தொட்டியும் இல்லாத தெருவை நம் கண் தெரு என்றே ஒத்துக்கொள்வதில்லை.

ஆகவே எங்கள் தேர்வு கலவை: கேமராவிலிருந்து சுமார் 150 அடி வரை 3டி, அதற்கு அப்பால் போட்டோ. இரண்டும் சேரும் கோட்டைப் பக்கத்துக் காம்பவுண்டு சுவராலோ புதராலோ மறைக்கலாம். பக்கத்து மனைகளில் இல்லாத வீடுகளை எழுப்புவதைவிட, எல்லைக் கல்லோடு காலியாகவே விடுவது நல்லது.

போட்டோவிலிருந்து எதை அழிக்கலாம் என்பதில் தகராறு வரும். குப்பை, ஆடு, நிறுத்தியிருக்கும் டிராக்டர் போகலாம். உயர் அழுத்த மின்கோபுரம், டிரான்ஸ்பார்மர், கண்மாய்க்குப் போகும் வாய்க்கால் இவை இருந்தே ஆக வேண்டும். 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விளம்பரத்திலோ பிரோஷரிலோ உள்ள தவறான தகவலை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சொல்கிறது. அவர் விலக நினைத்தால் பணத்தை வட்டியோடு திருப்பித் தரச் சொல்கிறது. பதிவு செய்த திட்டம் என்றால் பதிவு எண்ணும் ரியல் எஸ்டேட் ஆணையத்தின் இணைய முகவரியும் விளம்பரத்தில் இருக்க வேண்டும் என்பது 11ஆம் பிரிவு.

மரங்களுக்கும் ஒரு வரி தேவை. சாவி கொடுக்கும் நாளில் வேப்பங்கன்று ஆள் உயரம்தான் இருக்கும், படத்திலோ அது 25 அடி. படத்துக்குக் கீழேயே, படிக்கும் அளவு எழுத்தில், ‘மரங்கள் வளர்ந்த நிலையில் காட்டப்பட்டுள்ளன’ என்று போட்டுவிடுங்கள். அல்லது கன்றுகளைக் கன்றுகளாகவே வையுங்கள், அப்போது முகப்பும் மறைக்காமல் தெரியும்.