வராத மீன் தலைக்கறியும் வாலட்டில் விழுந்த 11 வெள்ளியும்

செங்காங்கில் இருக்கும் என் சித்தி மகள் சென்ற வாரம் இரவு பத்தரை மணிக்கு அழைத்து, "அண்ணே, நீங்கதான் அந்தச் செயலியில நாலு வருஷமா சாப்பாடு வாங்குறீங்க, எனக்கு ஆறரை வெள்ளி திரும்பி வரணும், வங்கியில கேட்டா எதுவுமே வரலைங்கிறாங்க, உங்களுக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள். அவளுக்குத் தொலைபேசியில் விளக்கத் தொடங்கியபோதுதான், குறைந்து வந்த உணவுக்கான பணம் எந்த வழியில், எத்தனை துண்டாகத் திரும்பி வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க நான் எவ்வளவு நேரத்தைச் செலவிட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. ஆகவே செயலியின் மற்ற அம்சங்களை விட்டுவிட்டு இதை மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு நேர்ந்தவற்றுள் மிகவும் எரிச்சலூட்டியது மீன் தலைக்கறி வராத இரவு. லிட்டில் இந்தியாவில் உள்ள ஓர் உணவகத்திலிருந்து சுவா சூ காங் வீட்டுக்கு இரண்டு ஆட்டிறைச்சி பிரியாணி $28, இரண்டு செட் பரோட்டா $10, ஒரு மீன் தலைக்கறி $22 என மொத்தம் $60-க்கு உணவு கேட்டிருந்தேன். $9 தள்ளுபடிக் கூப்பன் கழிந்து $51, விநியோகக் கட்டணமும் தளக் கட்டணமும் சேர்ந்து $4, ஆகச் செலுத்தியது $55. அதில் $11 செயலிக்குள் இருக்கும் என் வாலட்டில் கிடந்த பழைய மீதி. எஞ்சிய $44 கிரெடிட் கார்டிலிருந்து போனது. பை வந்தது, பிரியாணி வந்தது, பரோட்டாவும் வந்தது. தொட்டுக்கொள்ளக் கறி மட்டும் வரவில்லை. பையை உணவகமே ஒட்டி மூடித்தான் கொடுக்கிறது என்பதால் கொண்டுவந்த தம்பியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அதைத் திறந்து எண்ணிப் பார்க்க அவருக்கு வழியே இல்லை.

பையில் ஒட்டியிருந்த ரசீதையும் மேசையில் பரப்பிய எல்லாப் பொட்டலங்களையும் ஒரே படத்தில் அடங்கும்படி எடுத்து, சாப்பிடத் தொடங்கும் முன்பே புகாரை அனுப்பிவிட்டேன். இந்தப் பழக்கத்தை எல்லாருக்கும் சொல்வேன். ஒரு பொட்டலத்தைப் பிரித்துவிட்டால்கூடப் படத்தை வைத்து எது வந்தது, எது வரவில்லை என்று நிறுவுவது கடினமாகிவிடுகிறது. பத்து நிமிடத்தில் $18.70 திருப்பித் தரப்படும் என்று பதில் வந்தது. மீன் தலைக்கறி $22 ஆயிற்றே, மீதி $3.30 எங்கே என்று கோபத்தோடு தட்டச்சு செய்யத் தொடங்கினேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூப்பனின் $9, மொத்த உணவின் மேல் கொடுக்கப்பட்டது. $60-இல் $22-க்கு உரிய பங்கு $3.30. ஆகவே அந்தக் கறிக்காக நான் உண்மையில் கொடுத்தது $18.70 மட்டுமே. கூப்பன் போட்டு வாங்கிய எந்தப் பொருளும் பட்டியல் விலையில் திரும்பி வராது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். கணக்கு சரிதான். ஆனால் விநியோகக் கட்டணத்தில் ஒரு காசும் குறையவில்லை. கறியில்லாத பரோட்டாவைக் கொண்டுவரவும் அதே கட்டணம்தான்.

அடுத்து வந்த திரைதான் இந்தப் பகிர்வுக்கே காரணம். பணத்தை வாலட்டில் பெறுகிறீர்களா, அல்லது செலுத்திய வழியிலேயே பெறுகிறீர்களா என்று அது கேட்கிறது; ஆனால் வாலட் முன்பே தேர்ந்தெடுக்கப்பட்டு, பெரிய வண்ணப் பொத்தானில் 'உடனடி' என்று மின்னுகிறது. மற்ற வழி சிறிய சாம்பல் எழுத்தில் அடியில் இருக்கிறது. பசியோடு இருப்பவன் எதை அழுத்துவான் என்பது அவர்களுக்குத் தெரியும். நிறுவனத்தின் பக்கமும் எனக்குப் புரியாமல் இல்லை: வாலட்டில் போட்டால் பணம் அவர்களைவிட்டு வெளியே போவதில்லை, அடுத்த உணவையும் நான் அங்கேயே வாங்குவேன். உடனடி என்பதும் பொய்யில்லை. இரண்டு நிமிடத்தில் தொகை ஏறிவிடும். ஆயினும் வாலட் என்று ஒரே பெயரில் இரண்டு வகைப் பணம் கிடக்கிறது என்பதை அந்தத் திரை சொல்வதில்லை. ஒன்று நாமே நிரப்பிய மீதி. மற்றொன்று இழப்பீடாகப் போடப்படும் கிரெடிட். அதற்குக் காலாவதித் தேதி உண்டு, செயலிக்கு வெளியே அதனால் ஒரு காப்பிகூட வாங்க முடியாது. முதல் ஆண்டில் வராத ஒரு பாதாம் பாலுக்காகக் கிடைத்த கிரெடிட்டை மறந்துவிட்டுத் தஞ்சாவூருக்குப் போய்த் திரும்பியபோது, அது தானாக மறைந்திருந்தது. இதை அறிய வாலட்டின் மொத்தத் தொகையைப் பார்த்தால் போதாது. உள்ளே போய் அந்தந்த வரவின் மேல் தட்டினால்தான் தேதி தெரியும். ஒருமுறை வாலட்டை ஏற்றுக்கொண்டபின் அதைக் கார்டுக்கு மாற்றித் தரும்படி கேட்டுப் பார்த்தேன், மறுத்துவிட்டார்கள்.

ஆகவே மீன் தலைக்கறிக்கு அந்தச் சாம்பல் எழுத்தை அழுத்தினேன். செயலியில் உடனே 'திருப்பிச் செலுத்தப்பட்டது' என்று வந்தது. அதற்குப் பணம் வந்துவிட்டது என்று பொருளில்லை. திருப்பித் தரும் ஆணையை அனுப்பிவிட்டோம் என்று மட்டுமே பொருள். அந்த ஆணை அவர்களுடைய கட்டணச் சேவை நிறுவனத்துக்குப் போய், கார்டு கட்டமைப்பைத் தாண்டி, என் வங்கிக்கு வந்து பதிவாக வேண்டும். இதற்குச் சில வேலைநாள் ஆகிறது, சனி ஞாயிறும் பொது விடுமுறையும் கணக்கில் சேராது. நான் தினமும் காலையில் எம்ஆர்டியில் நின்றபடி வங்கிச் செயலியில் 18.70 என்ற எண்ணைத் தேடினேன். எட்டு நாளாகியும் கிடைக்கவில்லை. வங்கியை அழைத்தேன், அப்படி ஒரு தொகை வரவே இல்லை என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். என் கார்டுக்கு வந்திருந்தது $7.70, அதுவும் ஆறாவது வேலைநாளிலேயே.

நான் $11 வாலட்டிலிருந்தும் $44 கார்டிலிருந்தும் கொடுத்திருந்தேன் அல்லவா? செலுத்திய வழியிலேயே என்று கேட்டதால், வந்த வழியைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். முதலில் வாலட்டின் $11-ஐ நிரப்பிவிட்டு மீதி $7.70-ஐ மட்டும் கார்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நல்ல வேளையாக இந்த $11 காலாவதியாகும் கிரெடிட்டாக வராமல் பழைய மீதியாகவே திரும்பியிருந்தது. எல்லா நிறுவனமும் வாலட்டை முதலில் நிரப்புவதில்லை. விகிதப்படி பிரிப்பவர்களும் உண்டு, அப்படிச் செய்திருந்தால் வாலட்டுக்கு $3.74-உம் கார்டுக்கு $14.96-உம் வந்திருக்கும். எந்த முறையானாலும் தேட வேண்டிய எண் திரையில் காட்டிய மொத்தமல்ல. மின்னஞ்சலில் வரும் திருத்திய ரசீதின் அடிப்பகுதியில் இரண்டு வரியாக இந்தப் பிரிவு இருந்தது. நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை. இதில் என் தவறும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன், மனமில்லாமல்.

அந்த $7.70 என் கார்டின் மாதப் பட்டியல் போட்ட மறுநாள் வந்ததால் அடுத்த மாதப் பட்டியலில்தான் கழிந்தது. அதை நாமே கழித்துக்கொண்டு குறைவாகக் கட்டிவிடக் கூடாது. பட்டியலில் உள்ளதை முழுமையாகக் கட்டிவிடுவதே பாதுகாப்பு, இல்லாவிட்டால் சில வெள்ளிக்காக வட்டி ஏறும். பணம் உண்மையிலேயே வரவில்லை என்றால், செயலி நிறுவனத்தின் உதவிப் பிரிவிடம் ஏஆர்என் என்னும் 23 இலக்கக் குறியீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். கார்டு வழியாகத் திருப்பிய தொகையை வங்கி தேடிப் பார்க்க அந்த எண் பெரிதும் உதவும். செயலியின் ஆர்டர் எண்ணைச் சொன்னால் வங்கி ஊழியருக்கு அது ஒன்றும் சொல்லாது. உதவிப் பிரிவினர் ஏஆர்என்னைத் தரத் தயங்கினால், ஆணை இன்னும் போகவில்லையோ என்று சந்தேகிக்கலாம். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது என்று என் நண்பர் ஒருவர் வீராப்பாகச் சொன்னார். அங்கே மனுவுக்கே $10 கட்டணம்; $18.70-க்கு நான் போகமாட்டேன்.

சித்தி மகளின் கதை வேறு. அவள் டெபிட் கார்டில் $31.40-க்கு உணவு கேட்டிருக்கிறாள். ரவா தோசை தீர்ந்துவிட்டது என்று உணவகமே சமைக்கும் முன்பு அதை நீக்கிவிட்டது. தோசை $6.50. அவள் ஐந்து நாளாக அந்த $6.50 வரவைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய வங்கிச் செயலியின் படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தபோது இரண்டு வரி இருந்தன: Pending என்ற குறிப்புடன் $31.40, அதன் மேல் பதிவான $24.90. அதைப் பார்த்து இரண்டு முறை பணம் எடுத்துவிட்டார்கள் என்று அவள் வேறு பயந்துபோயிருந்தாள். நடந்தது இதுதான். ஆர்டர் போட்ட கணத்தில் $31.40 எடுக்கப்படவில்லை, பிடித்து வைக்கப்பட்டது மட்டுமே. தோசை நீங்கியபின் நிறுவனம் எடுத்துக்கொண்டது $24.90. எடுக்காத பணத்தைத் திருப்பித் தர முடியாது, ஆகவே $6.50 என்று ஒரு வரவு ஒருநாளும் வராது. பிடித்து வைத்தது விலகும்போது அந்த வரியே காணாமல் போய்விடும். கிரெடிட் கார்டில் இதை நாம் உணர்வதே இல்லை. டெபிட் கார்டிலோ பிடித்து வைத்த தொகை நம் சொந்தச் சேமிப்பிலிருந்து முடங்குவதால் மாதக் கடைசியில் வலிக்கும்.

நான்கு ஆண்டில் இவர்கள் எனக்குத் தர வேண்டிய ஒரு காசையும் தராமல் விட்டதில்லை. கேட்ட எல்லா முறையும் மறுநாளுக்குள் பதில் வந்தது, கணக்கு எப்போதும் சரியாகவே இருந்தது. இருந்தும் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் தருவேன். அந்தப் பொத்தானின் நிறத்துக்காக ஒன்றைக் கழித்தேன், மீதியைக் கறியில்லாமல் தின்ற பரோட்டாவுக்காகக் கழித்தேன். $5-க்குக் குறைவான தொகை என்றால் இப்போது நானும் வாலட்டையே அழுத்துகிறேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

நேற்று மாலை சித்தி மகளிடமிருந்து படம் வந்தது. Pending வரி போய்விட்டது, $24.90 மட்டும் இருந்தது. கூடவே ஒரு குரல் பதிவு: வங்கியில் நான் சண்டை போட்ட அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, வேண்டாமா?