பிளான் மட்டும் போதுமா, தள ஆய்வும் வேண்டுமா?

குளச்சல் பக்கம் கடற்கரையை ஒட்டி வீடு கட்டத் தொடங்கியபோது எங்கள் முன் இரண்டு ஒப்பந்தங்கள் இருந்தன. ஒன்று, சதுர அடிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பிளானும் அனுமதியும் முடித்துத் தரும் பொறியாளருடையது. மற்றொன்று, கட்டடம் முடியும்வரை தளத்துக்கு வந்து பார்க்கும் ஆர்க்கிடெக்டுடையது. முதலாவதில் செலவு குறைவு. தகரக் கூரை, சுற்றுச்சுவர் போன்ற வேலைக்கு அதுவே போதும். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். வீடு என்றால் இப்போதும் அதையே சொல்வேன்.

காரணம், பிழை யாருடையது என்ற கேள்வி. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் பால்கனியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். வரைபடத்திலேயே கீழே காட்டியிருந்தால் அது வடிவமைப்புப் பிழை. வரைபடம் சரியாக இருந்து மேஸ்திரி கீழே கட்டியிருந்தால் வேலைப் பிழை. காங்கிரீட் போட்ட பிறகு விரிசல் வந்தால், பிளான் மட்டும் தந்தவர் கான்ட்ராக்டரைக் காட்டுவார். கான்ட்ராக்டர் வரைபடத்தைக் காட்டுவார்.

கம்பிக்கு மேல் இருக்க வேண்டிய காங்கிரீட் கனமும் இப்படித்தான். கடல் காற்று படும் கட்டடத்துக்கு காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 45 மில்லிமீட்டர் கேட்கிறது. இந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் வழக்கமான 25 மில்லிமீட்டராக இருந்துவிட்டால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். காங்கிரீட் மூடிய பிறகு அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

அதனால் ஆர்க்கிடெக்டுடன் போடும் ஒப்பந்தத்தில் 'தேவைப்படும்போது வருவார்' என்ற வரியை ஏற்காதீர்கள். அஸ்திவாரம், பிளிந்த் பீம், தூண்கள், கூரை ஆகிய ஒவ்வொன்றிலும் காங்கிரீட்டுக்கு முன் கம்பியைப் பார்த்து, தளப் பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகே வேலை தொடரும் என்று எழுதுங்கள். கட்டணத்தையும் அதோடு கட்டுங்கள். மொத்தம் 1,50,000 ரூபாய் என்றால் கையெழுத்தின்போது 15,000, அனுமதி கிடைத்ததும் 30,000, கம்பி விவர வரைபடங்கள் தந்ததும் 45,000, கூரை காங்கிரீட் முடிந்ததும் 45,000. மீதி 15,000 ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு. இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்வதால் கூரை ஒழுக்கு அதற்குள் தெரிந்துவிடும்.

பொறுப்புப் பிரிவில் எங்களுடையது இப்படி முடிந்தது: வரைபடப் பிழையென்றால் புதிய வரைபடம் இலவசம், சரிசெய்யும் செலவையும் வாங்கிய கட்டணத்தின் அளவுவரை ஆர்க்கிடெக்டே ஏற்பார். உச்சவரம்பே இல்லாமல் கேட்டுப் பார்த்தோம், அவர் ஒப்பவில்லை. ஒரு பால்கனியை இடித்துக் கட்டும் செலவை இது முழுதும் ஈடுகட்டுமா என்பதை நாங்கள் சோதிக்க நேரவில்லை. சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை அணுக, 2019 சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டுகள் உண்டு. அங்கே போனாலும் காட்ட வேண்டியது அந்தப் பதிவேட்டைத்தான். அதன் நகல் வீட்டுக்காரரிடம் இருக்கும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.