தலையங்கப் படத்திலிருந்து ஆங்கிலச் சுருக்கம்: இரண்டு வழிகளில் எது?

தமிழ் தெரியாத சக ஊழியர்களுக்காக நாளிதழ்த் தலையங்கங்களைச் செல்போனில் படம் பிடித்து, 150 சொற்களில் ஆங்கிலச் சுருக்கம் எழுதுகிறேன். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டிலும் எழுதிப் பார்த்து, இரண்டாவதில் நிலைத்துவிட்டேன்.

முதல் வழி, கூகுள் லென்ஸில் எழுத்துகளை எடுத்து, முழுவதையும் மொழிபெயர்த்து, அப்புறம் வெட்டுவது. வேகமானது. அருகருகே உள்ள பத்திகளின் வரிகள் சில நேரம் ஒட்டிக்கொள்ளும். படத்தைப் பத்தி பத்தியாக நறுக்கிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

இரண்டாவது வழி, படத்தைப் பெரிதாக்கிப் படித்து, பாராவுக்கு ஒரு வரி தமிழிலேயே குறித்துக்கொள்வது. எண்களைத் தனியே எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘எதில் இவ்வளவு? யார் சொல்வது?’ என்று இரண்டு குறிப்புகள். அதை வைத்துத்தான் ஆங்கிலம். அரை மணி நேரம் பிடிக்கும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது அந்த ‘எதில்’ என்ற குறிப்புதான். வரிப் பகிர்வு பற்றிய ஒரு தலையங்கத்தை எடுத்துக்கொள்வோம். 14-ஆவது நிதிக்குழு மத்திய வரியில் மாநிலங்களின் மொத்தப் பங்கை 32 சதவீதத்திலிருந்து 42 ஆக உயர்த்தியது. ஆனால் மாநிலங்களின் பங்கில் தமிழ்நாட்டுக்கு உரியது 4.969 சதவீதத்திலிருந்து 4.023 ஆகக் குறைந்தது என்று அதில் வருகிறது. வெட்டிச் சுருக்கும்போது ‘மத்திய வரியில் தமிழ்நாட்டின் பங்கு 4.969-இலிருந்து 4.023 சதவீதமானது’ என்று எழுதிவிடுவோம். அது தவறு. அந்த 4.023 என்பது மாநிலங்களுக்கென்று ஒதுக்கிய 42 சதவீதத்துக்குள் ஒரு பங்கு. பகிர வேண்டிய வரி 100 ரூபாய் என்றால், தமிழ்நாட்டுக்கு முன்பு கிடைத்தது சுமார் 1.59 ரூபாய், பிறகு 1.69 ரூபாய். அதாவது சற்றே கூடியிருக்கிறது. ஆசிரியரின் வாதம் மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டுத் தமிழ்நாடு பின்தங்கியது என்பது. ‘மாநிலங்களின் பங்கில்’ என்ற இரண்டு சொற்கள் விழுந்தால், அவர் சொல்லாததைச் சொன்னவராகிவிடுவார். முதல் வழியில் வெட்டும்போது என் கையில் முதலில் விழுந்தவை இத்தகைய சொற்களே.

‘யார் சொல்வது’ என்பதும் இப்படித்தான். ‘...உயர்ந்துவிட்டது என்று அரசு கூறினாலும்’ என்ற வரியில், அது ஆசிரியரின் கருத்தல்ல என்பது கடைசியில்தான் தெரியும். நீளம் குறைக்க வாலை நறுக்கினால் அரசின் கூற்று ஆசிரியரின் வாயில் ஏறிவிடும்.

தசமப் புள்ளிக்கு மட்டும் எந்த வழியையும் நம்புவதில்லை. மடிப்பிலோ நிழலிலோ புள்ளி மறைந்தால் 4.023 என்பது 4023 ஆகத் தெரியும். சந்தேகம் வந்தால் தாளை நிமிர்த்தி மறுபடி படம் எடுப்பேன்.

நான் சுருக்கியதெல்லாம் ஒரு பக்க ஓரத்தில் அடங்கும் தலையங்கங்கள்தான். முழுப்பக்க நடுப்பக்கக் கட்டுரை என்றால் முதல் வழியில் எழுத்தை எடுத்து வைத்துக்கொண்டு குறிப்பெடுப்பது வசதியாக இருக்கலாம். அதை நான் அதிகம் செய்து பார்த்ததில்லை.